பழைய பள்ளிப் படங்களைத் துலக்கியவர்களுக்கு நன்றியுரை: என் வரைவைத் திருத்தித் தாருங்கள்

கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். வருகிற சனிக்கிழமை எங்கள் ஆண்டு விழா. அதில் எனக்குப் பத்து நிமிடம் நன்றியுரை.

பள்ளியின் பின்னறையில் ஓர் இரும்புப் பெட்டி நிறையக் குழுப் படங்கள் இருந்தன. சுமார் முந்நூறு. சில ஆண்டுகளுக்கு முன் அலுவலக ஸ்கேனரில் அவற்றை ஒரு முறை கணினியில் ஏற்றினோம். ஆனால் பாதிப் படங்களில் முகமே தெரியவில்லை. இந்த ஆண்டு முன்னாள் மாணவ மாணவியர் ஆறு பேர் ஞாயிறுதோறும் வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்து துலக்கிக் கொடுத்திருக்கிறார்கள். என் வரைவு இப்படித் தொடங்குகிறது:

> "காலவெள்ளம் அழித்த படங்களை அறிவியலின் துணையால் கூர்மைப்படுத்தி, எடுத்த நாளில் இருந்தது போலவே புத்தம் புதிதாக்கித் தந்த நல்லுள்ளங்களே! உங்கள் அயராத உழைப்பை விவரிக்க வார்த்தைகள் இல்லை…"

எழுதி முடித்துப் படித்தபோது மனம் நிறையவில்லை. ரத்த தான முகாமுக்கும் இதையே வாசித்துவிடலாம். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி நன்றி கூற வேண்டும். அது எனக்கே சரியாகத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

இருட்டறை

ஐயா, வணக்கம். இருபத்தெட்டு ஆண்டுகள் ஸ்டுடியோவில் படம் கழுவியவன் நான். உங்கள் முதல் வாக்கியத்திலேயே இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும்.

ஒன்று, "புத்தம் புதிதாக்கித் தந்த". பெட்டியில் உள்ள படம் இன்றைக்கும் மங்கித்தான் இருக்கிறது. அதை யாரும் புதிதாக்கவில்லை. அதிலிருந்து ஒரு நல்ல பிரதி எடுத்திருக்கிறார்கள். இதை மேடையில் தெளிவாகச் சொல்லாவிட்டால், "கணினியில்தான் எல்லாம் வந்துவிட்டதே" என்று அடுத்து வருகிறவர் பெட்டியையே பழைய காகிதக் கடைக்குப் போட்டுவிடுவார். அப்படிப் போன பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு, "கூர்மைப்படுத்தி". மங்கல் வேறு, கூர்மைக் குறைவு வேறு. மங்கிய படத்தில் கருப்பு பழுப்பாகவும் வெள்ளை மஞ்சளாகவும் மாறி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றுவிடும். அவற்றை மீண்டும் விலக்கி வைத்தாலே முக்கால்வாசி முகங்கள் எழுந்து வந்துவிடும். கூர்மை கடைசியில் செய்கிற சின்ன வேலை.

ஆனால் முதல் தடவை எடுத்ததில் முகமே தெரியவில்லை என்கிறீர்கள். அதற்கு மங்கல் மட்டும் காரணமாக இருக்காது. எந்த மாதிரி ஸ்கேனர் அது? படங்கள் அட்டையில் ஒட்டியவையா?

நுண்புள்ளி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முதலில் 200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் எடுத்திருப்பார்கள், அதனால் மங்கல். 2400 டிபிஐயில் எடுத்தால் எல்லாம் தெரியும். எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவு விவரம் கிடைக்கும். பிறகு கூர்மையை நன்றாக ஏற்றிவிட்டால் போதும், மங்கிப்போனதும் திரும்பிவிடும்.

இருட்டறை

தம்பி, 200 போதாது என்று நீங்கள் சொன்னது சரி. பன்னிரண்டு அங்குல அகலப் படத்தில் ஐம்பது பேர் நின்றால் ஒரு முகம் எட்டு மில்லிமீட்டர்தான் வரும். 200இல் எடுத்தால் அந்த முகத்தின் குறுக்கே அறுபத்துச் சொச்சம் புள்ளிகள். 600இல் எடுத்தால் கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூறு. கண்ணையும் புருவத்தையும் பிரித்துப் பார்க்க இந்த வேறுபாடு போதும்.

2400இல் கோப்பு பதினாறு மடங்கு பெருக்கும், முகம் மட்டும் அப்படியே இருக்கும். காகிதத்தில் அச்சான படம் வைத்திருக்கும் விவரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் காகிதத்தின் நாரைத்தான் படம் பிடிப்பீர்கள். சிறிய நெகடிவ் என்றால் நீங்கள் சொன்னது பொருந்தும். இங்கே இருப்பது அச்சுப் படம்.

செம்பருத்தி

நல்ல வேளையாக இந்த இழை கண்ணில் பட்டது. எங்கள் திருமண ஆல்பம் 1983இல் எடுத்தது. எல்லாப் படங்களும் செக்கச் செவேல் என்று ஆகிவிட்டன. ஊரில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் பசைப் பக்கத்திலிருந்து பிய்த்து எடுத்ததில் இரண்டு படங்கள் கிழிந்தே போய்விட்டன. என் மாமியார் இருக்கும் ஒரே வண்ணப் படம் அதில் ஒன்று. மீதியையாவது காப்பாற்ற முடியுமா?

இருட்டறை

வருத்தமாக இருக்கிறது அம்மா. கிழிந்த துண்டுகளை ஒட்டாமல், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோடு மட்டும்தான் நிற்கும், அதைக் கணினியில் மூடலாம். செலோ டேப் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

மீதிப் படங்களைப் பிய்க்கவே வேண்டாம். மேலே உள்ள பிளாஸ்டிக் தாளை மெதுவாகத் திறந்து, பக்கத்தோடு சேர்த்து அப்படியே ஸ்கேனரில் கவிழ்க்கலாம். சிவப்புக்குக் காரணம், அந்தக் காலத்துக் காகிதத்தில் மூன்று சாயங்களில் பச்சைநீலச் சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முதலில் போய்விடும். அது கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் நிறத்தைப் பெரும்பாலும் திருப்பலாம். தலைமையாசிரியரின் கேள்வியை விட்டு விலகுகிறோம், தனி இழை தொடங்குங்கள். வருகிறேன்.

தேரடி

தலைமையாசிரியர் ஐயா சொல்கிற அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் ஏற்கெனவே கேட்டுக்கொண்டேன். இருட்டறை அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வந்தேன்.

ஆமாம், அட்டைதான் சிக்கல். பழைய குழுப் படங்கள் எல்லாம் தடித்த அட்டையில் ஒட்டியவை. படம் பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், அட்டை அதைவிடப் பெரியது. அலுவலக ஸ்கேனரோ ஏ4 அளவு, யுஎஸ்பி கம்பியிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய வகை. அதன் கண்ணாடியைச் சுற்றி ஒரு விளிம்பு மேலெழும்பி நிற்கும். அட்டை அந்த விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்ததால் படம் கண்ணாடியில் முழுவதுமாகப் படியவில்லை. ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் இரண்டு மில்லிமீட்டர் தூக்கியும் இருந்திருக்கிறது. அந்த வகை ஸ்கேனருக்குக் கண்ணாடியில் ஒட்டி இருப்பது மட்டும்தான் தெளிவாகத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. 41ஆம் எண் படத்தில் இடக்கோடியில் நிற்கும் மாணவனின் சட்டைப் பொத்தான் தெரிகிறது. வலப்பக்கம் போகப் போக முகங்கள் கரைந்து, கடைக்கோடியில் வெறும் நிழலாகிவிட்டன. காலம்தான் அரித்துவிட்டது என்று நினைத்தோம். அசல் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், வலக்கோடிப் பையனின் நெற்றியில் திருநீறு மூன்று கோடாக நிற்கிறது! அன்றைக்குத்தான் பழைய கோப்புகளைத் திருத்துவதை நிறுத்தினோம்.

பிறகு விளக்கும் கண்ணாடியும் உள்ளே ஓடுகிற பழைய கனமான ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கினோம். அதற்குச் சில மில்லிமீட்டர் தூக்கி இருந்தாலும் தெளிவாகத் தெரியும். அப்படியும் முழுப்படம் கண்ணாடிக்குள் அடங்கவில்லை. 41ஐ நான்கு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி எடுத்து இணைத்தோம்.

கணக்கு வாத்தியார்

இணைத்த இடத்தில் பிசகு வந்திருக்குமே? எங்கள் ஊர்த் திருவிழாப் படத்தை அப்படி இணைத்தார்கள். தவில்காரருக்கு மூன்று கை.

தேரடி

வந்தது ஐயா. எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, ஒரே மாதிரி வாரிய தலை. மென்பொருள் ஏமாந்து பின்வரிசையில் ஒரு பையனை இரண்டு தடவை நிற்க வைத்துவிட்டது. பார்வைக்கு எதுவும் தெரியவில்லை. அசலில் தலைகளை எண்ணினால் நாற்பத்தேழு, கோப்பில் நாற்பத்தெட்டு. அதற்குப் பிறகு இணைத்த ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பேர் தனித்தனியாகத் தலை எண்ணிக் குறித்துக்கொண்டோம். இந்த எண்ணும் வேலையைச் செய்தவர் கணினியைத் தொட்டே அறியாத ஓர் அக்கா.

கரும்பலகை

இது எதுவுமே எனக்குத் தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். திருநீற்றுக் கோடு உரையில் நிச்சயம் வரும்.

மங்கிய பழைய கோப்பையே வைத்துக்கொண்டு கருப்பு வெள்ளையை விலக்கியிருக்க முடியாதா என்று விழாவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது?

இருட்டறை

அந்தப் பழைய கோப்பு அழுத்திச் சுருக்கிய ஜேபெக் வகையாக இருக்கும். அதில் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே மொத்தம் 256 படிகள். மங்கிய படம் அதில் நடுவிலுள்ள நூற்றுச் சொச்சம் படிகளைத்தான் பயன்படுத்தும். அதை முழு அளவுக்கு இழுத்தால் படிகளுக்கு நடுவே இடைவெளி விழும். சுவரும் வானமும் வரப்பு வரப்பாகத் தெரியும். புதிதாக எடுக்கும்போது 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால் அறுபத்தைந்தாயிரத்துக்கு மேல் படிகள். எவ்வளவு இழுத்தாலும் வரப்பு தெரியாது. மறுபடி ஸ்கேன் செய்ததன் பயன் பாதி இதில்தான் இருக்கிறது.

திரும்பாததும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கருப்பு வெள்ளைப் படத்தில் உருவம் என்பது வெள்ளித் துகள். உருவத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ என்ற ரசாயனக் கரைசலில் போட்டு எடுத்த பிறகு ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும். கோடையில் தண்ணீர் ஏது? நாங்கள் பத்து நிமிடத்தில் எடுத்துக் காயப்போட்ட நாட்கள் உண்டு. காகிதத்தில் தங்கிய அந்த ஹைப்போ பத்து இருபது ஆண்டு கழித்து வெள்ளியைத் தின்னத் தொடங்கும். வெள்ளி குறைவாக உள்ள இடம்தான் முதலில் போகும். அதாவது நெற்றி, கன்னம், வெள்ளைச் சட்டையின் மடிப்பு. அங்கே ஒன்றும் மிச்சமில்லை என்றால் எந்த ஸ்கேனரும் அதைக் கொண்டுவராது. என் கையால் அவசரமாக அலசிய படங்களும் எங்கோ ஒரு பள்ளிப் பெட்டியில் இப்படி வெளுத்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு எனக்கு உண்டு.

நுண்புள்ளி

16 பிட் விஷயம் எனக்குத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூர்மை ஏற்றினால் நன்றாகத்தானே இருக்கிறது? எவ்வளவு ஏற்றினீர்கள்?

தேரடி

கொஞ்சம்தான். அதுவும் மூலக் கோப்பில் கை வைக்கவில்லை. பார்வைக்கும் அச்சுக்கும் எடுத்த நகலில் மட்டும்:

```
magick 41_master.tif -unsharp 0x1.2+0.7+0.02 41_view.tif
```

முதலில் 0.7 இருக்கும் இடத்தில் 2 போட்டோம். திரையில் பளிச்சென்று இருந்தது, எல்லோரும் கைதட்டினோம். அச்செடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு கோடு, சாமி படத்து ஒளிவட்டம் போல. கன்னங்களில் காகிதத்தின் சொரசொரப்பு அம்மைத் தழும்பாகத் தெரிந்தது. தலைமுடிக்கும் சுவருக்கும் நடுவே வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று எங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டு, குறைத்துக்கொண்டே வந்தோம்.

வேம்படி

நுட்பம் பேசுகிறவர்கள் பேசுங்கள். எனக்கு ஒரு கேள்வி. முந்நூறு படங்கள் இத்தனை ஆண்டுகள் பெட்டியில் இருந்தனவே, யார் வைத்திருந்தது? அரசுப் பள்ளியில் கட்டடம் மாறும், தலைமையாசிரியர் மாறுவார், வெள்ளையடிக்கும்போது பழைய பொருளெல்லாம் வெளியே போகும். யாரோ ஒருவர் ஒவ்வொரு தடவையும் "இதைத் தொடாதே" என்று சொல்லியிருக்க வேண்டும். அவரை விட்டுவிட்டு ஆறு பேருக்குப் பொன்னாடை போர்த்தினால் நன்றியுரை நிறைவாகுமா?

கரும்பலகை

உங்கள் கேள்வி என்னை நேற்று இரவு தூங்கவிடவில்லை. இன்று காலை விசாரித்தேன். ஓய்வு பெற்ற அலுவலக உதவியாளர் ஒருவர். மணியடித்தவர், கதவு பூட்டியவர். ஆண்டுக்கு இரண்டு தடவை பெட்டியைத் திறந்து, படங்களை நிழலில் காயவைத்து, வேப்பிலையை மாற்றி அடுக்கியிருக்கிறார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. ஒரு முறை மழையில் அறை ஒழுகியபோது பெட்டியைத் தம் வீட்டுக்கே தூக்கிப்போய் மூன்று மாதம் வைத்திருந்தாராம். நேரில் போய் அழைத்துவிட்டேன். முதல் வரிசையில் அமர்வார்.

இன்னொரு சங்கடம். ஆறு பேரில் இருவர் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்கிறார்கள், நால்வர் ஒன்றும் சொல்லவில்லை. நால்வர் பெயரை மட்டும் சொன்னால் சரியாக இருக்குமா?

கணக்கு வாத்தியார்

பெயரே வேண்டாம் ஐயா. பெயர் சொன்னால் விட்டுப்போனவர் மனம் நோகும். வேலையைச் சொல்லுங்கள். தலை எண்ணியவர், துண்டு இணைத்தவர் என்று. செய்தவருக்குத் தெரியும்.

வேம்படி

நான் மாறுபடுகிறேன். ஊர்க்காரர்கள் முன்னால் தன் பெயர் ஒரு முறை ஒலிப்பது பலருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் நடக்கும். அந்த அலுவலக உதவியாளரின் பெயரையாவது முழுமையாக, தந்தை பெயரோடு சொல்லுங்கள்.

தேரடி

பெயரைப் பற்றி நான் வாதாட மாட்டேன். ஆனால் ஐயா, 112ஆம் படத்தை உரையில் சொல்லுங்கள். முன்வரிசையில் ஓர் ஆசிரியையின் முகத்தைச் செல் அரித்துவிட்டது. கைகளும் புடவைக் கரையும் மட்டும் இருக்கின்றன. அடுத்த ஆண்டுப் படத்தில் அவர் தெளிவாக இருக்கிறார், அந்த முகத்தை எடுத்து இதில் ஒட்டிவிடலாம் என்று எங்களில் இருவர் சொன்னார்கள். ஒரு ஞாயிறு முழுவதும் அதே பேச்சு. கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது அந்த நாளின் முகம் இல்லையே. ஓட்டையை ஓட்டையாகவே விட்டு, கீழே அவர் பெயரையும் எந்தப் படத்தில் பார்க்கலாம் என்பதையும் எழுதினோம். அந்த இருவருக்கும் இன்றும் மனக்குறை உண்டு. கண்காட்சியில் அவர் குடும்பத்தார் வந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியவில்லை.

இருட்டறை

சரியான முடிவு. எங்கள் காலத்தில் நெகடிவில் பென்சிலால் புருவம் தீட்டியிருக்கிறோம். இருந்ததை எடுத்துக் காட்டினோம். இல்லாத முகத்தை வைத்ததில்லை.

கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. மாற்றி எழுதிய வரைவின் நடுப்பகுதி இது. மேடையில் 41ஆம் படத்தைப் பெரிதாக அச்சடித்து வைக்கிறோம்.

> "இந்தப் படத்தின் வலக்கோடியில் நிற்கும் மாணவரைப் பாருங்கள். நெற்றியில் மூன்று திருநீற்றுக் கோடுகள். நான்கு மாதம் முன்புவரை எங்கள் கணினியில் இவர் ஒரு நிழல். படம் கெட்டுவிட்டது என்று நானும் நம்பியிருந்தேன். படம் கெடவில்லை, நாங்கள் எடுத்த விதம்தான் தவறு என்று இவர்கள் ஜன்னல் ஓரம் பூதக்கண்ணாடியோடு நின்று கண்டுபிடித்தார்கள். பிறகு முந்நூறையும் முதலிலிருந்து எடுத்தார்கள்.
>
> ஒருவர் இரண்டு நாள் முழுக்கத் தலைகளை மட்டும் எண்ணினார். இல்லாத நாற்பத்தெட்டாவது மாணவனை அவர்தான் பிடித்தார். ஒருவர் ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்தார். பென்சிலில் எழுதியிருந்த பெயர்கள் அதனால் கிடைத்தன. வெளுத்துப்போன நெற்றிகளை வெளுப்பாகவே விட்டார்கள். செல்லரித்த முகத்தின் இடத்தில் வேறு முகத்தை வைக்கவில்லை. அதற்காகத் தனியாக என் நன்றி. இவர்கள் தந்தவை பிரதிகள். அசல் படங்கள் அதே பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டியை முப்பத்தோரு ஆண்டுகள் காத்தவர் இதோ முதல் வரிசையில் இருக்கிறார்…"

இங்கே அவர் பெயரைத் தந்தை பெயரோடு சொல்கிறேன். ஆறு பேர் பெயரைச் சொல்வதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. அவர்களையே ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கப் போகிறேன்.

மீதி ஒரு சந்தேகம். 41ஆம் படத்தின் அட்டையில் ஆண்டு இருந்த மூலையைச் செல் அரித்துவிட்டது. பழைய பட்டியலில் 1980 என்று இருக்கிறது. இப்போது பின்னால் உள்ள பெயர்ப் பலகையைப் படிக்க முடிகிறது. "உயர்நிலைப் பள்ளி" என்று இருக்கிறது. மேடையில் எந்த ஆண்டைச் சொல்வது?

கணக்கு வாத்தியார்

மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் 1978இல்தான் வந்தது. ஆகவே அதற்கு முந்திய படம்.

தேரடி

அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது ஐயா. எல்லா உயர்நிலைப் பள்ளியும் அந்த ஆண்டே தரம் உயரவில்லை. உயர்ந்த பிறகும் பழைய பலகை சில காலம் தொங்கியிருக்கலாம். இன்னொன்று கவனித்தேன். பலகையில் "லை" பழைய வடிவில், மேலே தும்பிக்கை வளைந்து நிற்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதிய பலகையாக இருக்கலாம். ஆனால் பலகை எழுதிய காலம் வேறு, படம் எடுத்த காலம் வேறு.

இருட்டறை

மேடையில் "1970களின் பிற்பகுதியாக இருக்கலாம்" என்று சொல்லுங்கள் ஐயா. போதும்.

கரும்பலகை

அப்படியே சொல்கிறேன். பெட்டியைக் காத்த பெரியவரிடமும் கேட்டேன். புதிய கொடிக்கம்பம் 1979 குடியரசு தினத்துக்கு நட்டது, அது நன்றாக நினைவிருக்கிறது என்கிறார். பழைய கம்பம் வேப்பமரத்துக்குக் கிழக்கே, புதியது மேற்கே. படத்தில் கம்பம் எந்தப் பக்கம் என்று பார்க்க முடியுமா அம்மா?

தேரடி

இப்போதுதான் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன் ஐயா. கம்பம் படத்துக்குள் வரவில்லை. முன்வரிசைக்கு முன்னால் தரையில் மெலிதாக ஒரு நீள நிழல் விழுந்திருக்கிறது. காலையில் எடுத்ததா மாலையில் எடுத்ததா என்று அவருக்கு நினைவிருக்கிறதா, கேட்டுச் சொல்லுங்கள்.